ஸ்டாப்லாஸ் போட்டும் பங்கை விற்க முடியவில்லை: லோயர் சர்க்யூட்டில் மாட்டினால் என்ன செய்வது

ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன், விலை அதைத் தாண்டி இறங்கிவிட்டது, ஆனாலும் பங்கு விற்கவில்லை, இது புரோக்கரின் தவறா என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் புரோக்கர் மேல் தவறு இருக்காது. ஸ்டாப்லாஸ் எப்படி வேலை செய்கிறது, சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து வைத்தால், அது ஏன் வேலை செய்யவில்லை என்பது தானாகப் புரிந்துவிடும். இந்தியப் பங்குச் சந்தையை, அதிலும் எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் இல்லாத சாதாரணப் பங்குகளை வைத்தே இங்கே பேசுகிறேன், ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

## சர்க்யூட் என்பது என்ன

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நாளில் எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்று பங்குச் சந்தை ஒரு வரம்பு வைக்கிறது. 2, 5, 10, 20 சதவீதம் என நான்கு அளவுகள். கணக்கு முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து. நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்குக்கு 5 சதவீத வரம்பு என்றால், இன்று 95-க்குக் கீழேயோ 105-க்கு மேலேயோ யாரும் ஆர்டரே போட முடியாது. போட்டால் நிராகரிக்கப்படும். கீழ் எல்லையைத் தொட்டால் லோயர் சர்க்யூட், மேல் எல்லையைத் தொட்டால் அப்பர் சர்க்யூட்.

சர்க்யூட் அடித்தால் வர்த்தகம் நிறுத்தப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். குறியீடு 10 சதவீதம் விழுந்தால் மொத்தச் சந்தையையும் நிறுத்துவார்களே, 2020 மார்ச்சில் இரண்டு முறை நடந்தது, அது வேறு ஏற்பாடு. தனிப் பங்கு லோயர் சர்க்யூட்டில் இருக்கும்போது சந்தை திறந்தேதான் இருக்கிறது. 95 ரூபாய்க்கு வாங்க ஆள் வந்தால் அந்த நொடியே வர்த்தகம் நடக்கும். ஆள் வராததுதான் பிரச்சினை.

எதிர்கால ஒப்பந்தமும் ஆப்ஷனும் உள்ள பங்குகளுக்கு இப்படி நிலையான வரம்பு கிடையாது. 10 சதவீதத்தில் தொடங்கி, விலை அதை நெருங்கும்போது நிபந்தனைகளோடு விரியும் வரம்புதான் உண்டு. அதனால் அங்கே நாள்கணக்கில் பூட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. ஆனால் வேறு ஆபத்து இருக்கிறது: 2009 ஜனவரி 7 அன்று சத்யம் ஒரே நாளில் 77 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விற்க முடிந்தது, எந்த விலைக்கு என்பதுதான் கேள்வி.

## ஸ்டாப்லாஸ் ஏன் அங்கே வேலை செய்யாது

ஸ்டாப்லாஸ் ஆர்டரில் இரண்டு விலை உண்டு. ஒன்று ட்ரிக்கர், மற்றது இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று சொல்லும் லிமிட். கடைசியாக வர்த்தகமான விலை ட்ரிக்கரைத் தொடும்வரை அந்த ஆர்டர் தூங்கிக்கொண்டிருக்கும். தொட்ட பிறகுதான் சாதாரண விற்பனை ஆர்டராக மாறி, மற்ற விற்பவர்களோடு வரிசைக்குப் போகும். இதை வைத்துப் பார்த்தால் நான்கு இடத்தில் அடி விழுகிறது.

1. ட்ரிக்கருக்கு ஒரு வர்த்தகம் வேண்டும். வாங்குபவர் ஒருவர்கூட இல்லாமல் பங்கு நேரடியாக லோயர் சர்க்யூட்டில் திறந்தால், வர்த்தகமே நடக்காது. கடைசி வர்த்தக விலை நேற்றைய விலையிலேயே நிற்கும். திரையில் லட்சக்கணக்கில் விற்பனை ஆர்டர் தெரியும், உங்கள் ஆர்டர் மட்டும் `TRIGGER PENDING` என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

2. ட்ரிக்கர் ஆனாலும் வரிசையில் கடைசி இடம்தான். சந்தை முதலில் விலையைப் பார்க்கும், ஒரே விலையில் பலர் இருந்தால் யார் முதலில் வந்தார்கள் என்று பார்க்கும். லோயர் சர்க்யூட்டில் எல்லாருமே ஒரே விலையில்தான் நிற்கிறார்கள், ஆகவே நேரம் ஒன்றுதான் கணக்கு. காலை 9 மணிக்கே லிமிட் ஆர்டர் போட்டவருக்குப் பின்னால்தான் 9.20-க்கு விழித்துக்கொண்ட உங்கள் ஸ்டாப்லாஸ்.

3. லிமிட் விலை சர்க்யூட் விலைக்கு மேலே இருந்தால் வரிசையில்கூட இடமில்லை. ட்ரிக்கர் 240, லிமிட் 239.50 என்று போட்டிருக்கிறீர்கள், மற்றவர்கள் 236.45-க்கு விற்கக் காத்திருக்கிறார்கள் என்றால், உங்களிடம் 239.50 கொடுத்து யார் வாங்குவார்கள்?

4. வரம்புக்கு வெளியே உள்ள விலை நிராகரிக்கப்படும். இன்றைய கீழ் எல்லை 95 என்றால், 94-க்கு இன்று ஸ்டாப்லாஸ் போடவே முடியாது. ஓராண்டு வரை நிற்கும் ஜிடிடி வகை ஆர்டர் புரோக்கரிடம் தூங்கும் ஒரு குறிப்பு மட்டுமே. ட்ரிக்கர் ஆகும் நாளில் அதன் லிமிட் அன்றைய வரம்புக்குள் இல்லையென்றால் அதுவும் தள்ளுபடிதான்.

SL-M என்ற சந்தை விலை ஸ்டாப்லாஸ் போட்டால் தப்பிக்கலாமா? அதிலும் பலன் இல்லை. சந்தை விலை என்றாலும் எதிரில் வாங்குபவர் வேண்டும். மும்பை பங்குச் சந்தை 2023 அக்டோபர் முதல் அந்த வகையையே நிறுத்திவிட்டது.

## ஜியோ ஃபைனான்ஷியல்: நான்கு நாள் பூட்டு

எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ரிலையன்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட ஜியோ ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பங்குக்கு 2023 ஜூலை 20 அன்று சிறப்பு அமர்வில் 261.85 ரூபாய் என்று விலை கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 21 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 262 ரூபாயில் பட்டியலானது. முதல் பத்து நாட்களுக்கு 5 சதவீத வரம்பு, அதோடு டிரேட் டு டிரேட் பிரிவு, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வேலைக்கு இடமில்லை.

ஏன் விழுந்தது? நிறுவனத்தில் கோளாறு எதுவும் இல்லை. குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் கையில் ரிலையன்ஸ் இருந்ததால் இந்தப் பங்கும் வந்து சேர்ந்தது. குறியீட்டிலிருந்து அது நீக்கப்படும்போது அவர்கள் விற்றே ஆகவேண்டும். அது வாங்குபவர்களுக்கும் தெரியும். நாளைக்கு 5 சதவீதம் குறைவாகக் கிடைக்கும் என்றால் இன்று யார் வாங்குவார்கள்? இதில் இன்னொரு விசித்திரம், பங்கு தொடர்ந்து சர்க்யூட்டில் இருந்தால் குறியீட்டிலிருந்து நீக்கும் நாளையே தள்ளிவைப்பது விதி, அப்படியே தள்ளியும் வைத்தார்கள்.

தேசியப் பங்குச் சந்தையில் முடிவு விலைகள் இப்படிப் போயின: முதல் நாள் 248.90, இரண்டாம் நாள் 236.45, மூன்றாம் நாள் 224.65, நான்காம் நாள் 213.45. ஐந்தாம் நாள் 202.80 வரை இறங்கி, அங்கே பெரிய அளவில் வாங்குபவர்கள் வந்த பிறகு மீண்டது.

இப்போது பிரிப்பில் கிடைத்த 1,000 பங்கை 262 என்று மதிப்பிட்டு, 240-ல் ஸ்டாப்லாஸ் என்று முடிவு செய்த ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். அவர் ஏற்றுக்கொண்ட நட்டம் 22,000 ரூபாய். முதல் நாள் 248.90, ஸ்டாப் தொடப்படவில்லை, நிம்மதி. இரண்டாம் நாள் கீழ் எல்லை 236.45. ட்ரிக்கர் 240, லிமிட் 239.50 என்றால் மேலே சொன்ன மூன்றாவது காரணத்தால் விற்காமல் போகிறது. மாலையில் அந்த ஆர்டர் காலாவதி. மூன்றாம் நாள் அதே 240-ஐத் திரும்பப் போடலாம் என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் விற்பனை ஸ்டாப்லாஸின் ட்ரிக்கர் நடப்பு விலைக்குக் கீழேதான் இருக்கவேண்டும், விலையோ ஏற்கெனவே 236.45. இங்கேதான் நிறையப் பேர் ஏதாவது ஒரு புதிய, இன்னும் கீழான ஸ்டாப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நான்காம் நாள் 213.45-ல் வரிசை நகர்ந்து விற்றிருந்தால் நட்டம் 48,550. ஐந்தாம் நாள் அடிமட்டத்தில் பயந்து விற்றிருந்தால் 59,200. திட்டமிட்டதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

## மாட்டிக்கொண்ட பிறகு: இரவும் மறுநாள் காலையும்

முதல் வேலை, ஸ்டாப்லாஸை ரத்து செய்வது. அதன் வேலை முடிந்துவிட்டது. விற்பது என்று முடிவெடுத்துவிட்டால் இனி வேண்டியது வரிசையில் முன்னால் ஓர் இடம், அவ்வளவுதான்.

1. நாளைய கீழ் எல்லையைக் கணக்கிடுங்கள். இன்றைய முடிவு விலையில் 95 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டு விட்டுவிடாமல், வரம்பு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பங்குக்கு 20 சதவீதம் திடீரென 5 ஆகிவிடும், மறுநாள் முதல் அமலுக்கு வரும். பழைய வரம்பை நம்பிப் போட்ட விலை நிராகரிக்கப்பட்டால் அந்த நாளே போச்சு.

2. அந்தக் கீழ் எல்லை விலையிலேயே சாதாரண லிமிட் விற்பனை ஆர்டரை, சந்தைக்குப் பிந்தைய ஆர்டராக இரவே போட்டுவிடுங்கள். காலை 9 மணிக்கு முன்திறப்பு அமர்வு தொடங்கியதும் புரோக்கர் அதை அனுப்புவார். இவ்வளவு குறைவாகப் போட்டால் நல்ல விலை கைவிட்டுப் போகுமே என்று தோன்றும். போகாது. லிமிட் என்பது ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்சம் மட்டுமே. முன்திறப்பில் சமநிலை விலை அதற்கு மேலே அமைந்தால் அந்த விலையே கிடைக்கும், பிறகு மேல் விலையில் வாங்குபவர் இருந்தால் அவர்களிடம்தான் முதலில் விற்கும்.

3. முன்திறப்பில் விற்காத லிமிட் ஆர்டர் 9.15-க்குத் தன் நேர முத்திரையோடு சாதாரண அமர்வுக்கு வந்துவிடும். அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். விலையை மாற்றினாலும் எண்ணிக்கையைக் கூட்டினாலும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். பதற்றத்தில் ரத்து செய்து திரும்பப் போடுவது இன்னும் மோசம்.

4. டீமேட் அனுமதியை முன்கூட்டியே முடித்துவையுங்கள். பங்கை எடுக்கப் புரோக்கருக்கு நிரந்தர அனுமதி தரும் டிடிபிஐ கொடுக்காதவர்கள் விற்கும் நாளில் டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு, ஓடிபி வந்து, அங்கீகரித்து முடிப்பதற்குள் வரிசையில் எத்தனை பேர் முன்னால் போயிருப்பார்கள்! நேற்று வாங்கி இன்னும் கணக்கில் சேராத பங்கை டிரேட் டு டிரேட் பிரிவில் விற்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. இரண்டு சந்தைகளையும் பாருங்கள். தேசியப் பங்குச் சந்தையின் வரிசை வேறு, மும்பை பங்குச் சந்தையின் வரிசை வேறு. முடிவு விலையும் சற்று மாறுபடும், ஜியோ பங்கு மும்பையில் 265-ல் தொடங்கியதால் முதல் நாள் பூட்டே அங்கே 251.75-ல்தான். சிறிய அளவு வைத்திருப்பவர்களுக்குக் கூட்டம் குறைந்த சந்தையில் சில நேரம் சீக்கிரம் முறை வரும். பாதியை அங்கே, பாதியை இங்கே எனப் பிரித்தும் போடலாம், ஆனால் முழு எண்ணிக்கையையும் இரண்டிலும் போட்டுவிடாதீர்கள்.

ரேஷன் கடை வரிசை மாதிரி இதிலும் நாளை காலை எல்லாரும் முதலிலிருந்துதான் நிற்கவேண்டும், இன்று நின்ற நேரத்துக்குக் கணக்கில்லை. நாள் முடிவில் விற்காத ஆர்டர்கள் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே இதைத் தினமும் இரவு செய்யவேண்டும்.

வரிசை நகருமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் மொத்த விற்பனை அளவு மட்டும் பார்த்தால் பயம்தான் வரும். அதோடு இன்று நடந்த வர்த்தக அளவைச் சேர்த்துப் பாருங்கள். விற்க 18 லட்சம் பங்கு காத்திருக்கிறது, நாள் முழுக்க கைமாறியது 40,000 என்றால், நாளையும் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே 18 லட்சம் காத்திருக்க, 12 லட்சம் கைமாறியிருக்கிறது, நேற்று 3 லட்சமாக இருந்தது என்றால், கீழே யாரோ வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பூட்டு திறக்கும் நாள் நெருங்குகிறது. அப்படி இருக்கும்போதுதான் வரிசையில் முன்னால் நிற்பதற்கு மதிப்பு அதிகம்.

## விற்பதா, காத்திருப்பதா

ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது, இனி இருந்து பார்ப்போம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். என் கணிப்பில் இங்கே கேட்கவேண்டியது ஒன்றுதான்: விற்பவர் யார்?

ஜியோவில் விற்பவர்கள் யார், ஏன் விற்கிறார்கள், ஏறக்குறைய எவ்வளவு என்பது வெளியில் தெரிந்த விஷயம். அவர்கள் கையிருப்பு தீர்ந்தால் அழுத்தமும் தீரும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டாப்பை மறுபரிசீலனை செய்வதில் நியாயம் இருக்கிறது.

ஜென்சால் இன்ஜினியரிங்கில் கதை வேறு. 2025 மார்ச்சில் கடன் தர மதிப்பீடு அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டது. ஏப்ரல் 15 அன்று செபி இடைக்கால உத்தரவு போட்டு, நிறுவனர்கள் நிறுவனப் பணத்தைத் திசைதிருப்பியதாகக் கூறி, அவர்களைச் சந்தையிலிருந்தும் இயக்குநர் பொறுப்பிலிருந்தும் விலக்கியது. அதன் பிறகு பல நாட்கள் தொடர்ந்து லோயர் சர்க்யூட். இங்கே விற்பவர்கள் யார்? பங்கு வைத்திருக்கும் அத்தனை பேரும். கணக்குப் புத்தகத்தையே நம்ப முடியாதபோது எந்த விலை மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு நாளும் முழு அளவையும் வரிசையில் நிறுத்துவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். நடுவில் ஒரு நாள் அப்பர் சர்க்யூட் அடித்தால் அதை விற்பதற்குக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி விலையைக் குறைக்க இன்னும் வாங்குவது வேண்டவே வேண்டாம்.

கடன் வாங்கி, அதாவது மார்ஜின் வசதியில் வாங்கியிருந்தால் முடிவு உங்கள் கையில் இல்லை. மார்ஜின் குறைந்ததும் புரோக்கரே விற்க முயல்வார், அவரும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். விற்காத ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும், கடைசியில் குறையும் தொகை உங்கள் கணக்கில்தான் விழும்.

## வாங்கும்போதே போடவேண்டிய கணக்கு

உண்மையில் இதைச் சமாளிக்கும் இடம் வாங்குவதற்கு முன்னால்தான். வழக்கமான கணக்கு இப்படிப் போகும்: முதலீடு 5 லட்சம், ஒரு பங்கில் இழக்கத் தயாரான தொகை 1 சதவீதம், 5,000 ரூபாய். ஸ்டாப் 6 சதவீதம் கீழே. ஆக 83,000 ரூபாய்க்கு வாங்கலாம். ஸ்டாப்பில் விற்றுவிட முடியும் என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு இது.

5 சதவீத வரம்புள்ள பங்கு ஐந்து நாள் தொடர்ந்து பூட்டினால் 22.6 சதவீதம் போகும். 83,000-க்கு அது 18,800 ரூபாய். நினைத்தது 5,000. ஆகவே இரண்டாவதாக ஒரு கணக்கு வேண்டும்: ஐந்து நாள் பூட்டினாலும் 10,000-க்கு மேல் இழக்கமாட்டேன் என்று வைத்துக்கொண்டால், வாங்கும் தொகை 44,000 ரூபாய்தான். இரண்டில் எது குறைவோ அதை எடுங்கள். ஐந்து நாள் என்பது நான் வைத்த அளவு, மோசடிச் செய்தி வந்தால் அது போதாது, பத்து நாள் என்றால் 40 சதவீதம்.

வரம்பு அகலமாக இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 20 சதவீத வரம்பில் இரண்டே நாளில் 36 சதவீதம் போய்விடும். ஆனால் அகல வரம்பில் வாங்குபவர்கள் வரும் விலைக்குப் பங்கு சீக்கிரம் போய்ச் சேரும், பூட்டு சீக்கிரம் திறக்கும். 2 சதவீத வரம்பில்தான் வாரக்கணக்கில் சிறை.

## அப்பர் சர்க்யூட்: ஷார்ட் அடித்தவர் பாடு

இதே கதை தலைகீழாகவும் நடக்கும். கையில் இல்லாத பங்கைக் காலையில் 200-க்கு 1,000 விற்று, மாலைக்குள் திரும்ப வாங்கலாம் என்று இருந்தவருக்கு, பங்கு 210-ல் அப்பர் சர்க்யூட் பூட்டிக்கொண்டால் விற்க ஆளில்லை. ஸ்டாப்லாஸ் இங்கேயும் மேலே சொன்ன அதே காரணங்களால் தூங்கும். லோயர் சர்க்யூட்டில் மாட்டியவரைவிட இவர் நிலைமை மோசம், ஏனென்றால் காத்திருக்க வழியில்லை, மறுநாள் பங்கை ஒப்படைத்தாகவேண்டும்.

ஒப்படைக்காவிட்டால் சந்தை ஏலம் நடத்தி வேறு யாரிடமிருந்தாவது வாங்கிக் கொடுக்கும். ஏல விலை முந்தைய முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம் வரை போகலாம், அதாவது 252 ரூபாய் வரை. உச்சத்தில் முடிந்தால் நட்டம் 52,000, அதோடு அபராதக் கட்டணம். ஏலத்திலும் கிடைக்கவில்லை என்றால் பணமாகத் தீர்ப்பார்கள், அதற்கும் கணக்கு விற்றவருக்குப் பாதகமான பக்கமே.

சர்க்யூட் பூட்டும்போது மணி பிற்பகல் 2 என்றால் செய்யக்கூடியது இரண்டுதான். மேல் எல்லை விலையில் வாங்கும் ஆர்டரை உடனே இரண்டு சந்தைகளிலும் பிரித்துப் போடுவது ஒன்று. நீண்டகாலமாக டீமேட்டில் அதே பங்கு இருந்தால், அந்த விற்பனையை டெலிவரியாக மாற்றி அதிலிருந்து கொடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டும் இல்லாதவர், நிலையான வரம்பு இல்லாத எதிர்கால ஒப்பந்தப் பங்குகளைத் தவிர வேறெதிலும் ஷார்ட் அடிக்காமல் இருப்பது நல்லது.